டேக்கைக் காப்பது என்றால் அதை அசைக்காமல் வைப்பது அல்ல

தமிழாக்கத்துக்கு எக்ஸ்லிஃப் கோப்பு வந்து சேரும்போது கூடவே ஓர் அறிவுறுத்தல் தாளும் வரும். வாடிக்கையாளர் யாராக இருந்தாலும் அந்தத் தாளில் ஒரு வரியை அநேகமாக எதிர்பார்க்கலாம்: டேக்குகளைத் தொடாதீர்கள், மூலத்தில் அவை எந்த வரிசையில் இருக்கின்றனவோ அதே வரிசையில் மொழிபெயர்ப்பிலும் இருக்க வேண்டும். இதைக் கண்டிப்பாகப் பின்பற்றுகிறவரே பொறுப்பான மொழிபெயர்ப்பாளர் என்ற எண்ணம் நம் தொழிலில் ஊறிப்போயிருக்கிறது. திட்ட மேலாளர்கள் அதைச் சொல்கிறார்கள், மூத்த மொழிபெயர்ப்பாளர்கள் புதியவர்களுக்கு அதையே கற்பிக்கிறார்கள், சரிபார்ப்புக் கருவிகள் வரிசை மாறியதும் எச்சரிக்கை காட்டுகின்றன.

இந்த அறிவுறுத்தலின் முதல் பாதியில் ஓர் உண்மை இருக்கிறது. இரண்டாவது பாதி தமிழுக்குத் தவறு. அது வாக்கியத்தைக் கரடுமுரடாக்குவதோடு நிற்பதில்லை, சில இடங்களில் பொருளையே தலைகீழாக்கிவிடுகிறது. தலைகீழான அந்த வாக்கியம் எல்லாச் சரிபார்ப்பிலும் தேறி, பயனரின் திரை வரைக்கும் போய்விடுகிறது. இந்த விதி கோப்பின் வடிவத்திலிருந்து வந்ததாகப் பலர் நம்புகிறார்கள். அப்படி வரவில்லை.

எக்ஸ்லிஃப் என்பது ஒரு மென்பொருளில் உள்ள வாக்கியங்களைப் பிரித்தெடுத்து, மொழிபெயர்ப்பவரிடம் கொடுத்து, திரும்ப உள்ளே சேர்ப்பதற்கான பரிமாற்ற வடிவம். ஓயாசிஸ் என்ற தரநிலை அமைப்பு அதை வெளியிடுகிறது. இன்றும் அதிகம் புழங்கும் 1.2 பதிப்பு 2008இல் வந்தது. 2.0 பதிப்பு 2014இல் வந்து, பிறகு ஐஎஸ்ஓ 21720 என்ற பன்னாட்டுத் தரநிலையும் ஆயிற்று. வாக்கியத்துக்குள் தடித்த எழுத்து, இணைப்பு, மாறி போன்றவை வரும் இடங்களில் `g`, `x`, `bpt`, `ept`, `ph` முதலிய டேக்குகள் நிற்கும். ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாள எண், அதாவது `id` உண்டு. அந்த அடையாளம் எதற்காக இருக்கிறது? மொழிபெயர்ப்பில் டேக் வேறு இடத்துக்குப் போனாலும் மூலத்தில் அது எதுவாக இருந்தது என்று கருவி கண்டுகொள்வதற்காக. டேக்குகள் எப்போதும் ஒரே வரிசையில்தான் வரும் என்றால் எண்ணே தேவைப்பட்டிருக்காது. முதலாவது, இரண்டாவது என்று எண்ணிக்கொண்டே போயிருக்கலாம்.

2.0 பதிப்பு இதை இன்னும் வெளிப்படையாகவே சொல்கிறது. அதில் டேக்குகளுக்கு `canReorder` என்றொரு பண்பு உண்டு. இடம் மாற்றலாமா என்ற கேள்விக்கான விடை அது. யாரும் எதுவும் எழுதாமல் விட்டால் அதன் மதிப்பு `yes`. நகலெடுக்கலாமா என்பதற்கான `canCopy`, நீக்கலாமா என்பதற்கான `canDelete` ஆகியவற்றின் இயல்பு மதிப்பும் அதுவே. அதாவது தரநிலையை எழுதியவர்கள் இடம் மாறுவதை இயல்பாகவும், மாறக் கூடாது என்பதைத் தனியே குறித்துக்காட்ட வேண்டிய விதிவிலக்காகவும் வைத்தார்கள். நம் அறிவுறுத்தல் தாள்கள் அந்த விதிவிலக்கையே பொது விதியாக்கிவிட்டன.

இதனால் தமிழுக்கு என்ன ஆகிறது என்பதை ஒரே ஒரு வாக்கியத்தில் பார்க்கலாம். வெளிச்சேமிப்புச் சாதனத்துக்குத் தரவை நகலெடுக்கும் ஒரு செயலியில் வரக்கூடிய எச்சரிக்கை இது:

```
<source>Do <g id="1">not</g> remove <x id="2"/>
until <g id="3">the progress window</g> closes.</source>
```

முதல் டேக் தடித்த எழுத்து. இரண்டாவது, சாதனத்தின் பெயர் வந்து உட்காரும் மாறி. மூன்றாவது, அந்தச் சாளரத்தை முன்னால் கொண்டுவரும் இணைப்பு. ஆங்கிலத்தில் தடை முதலில் வருகிறது, பிறகு பொருள், கடைசியில் கால எல்லை. தமிழில் கால எல்லை முதலில் வரும், அடுத்து பொருள், முடிவில் வினை. தடை அந்த வினையோடுதான் வரும். ஆகவே இயல்பான வாக்கியம் இப்படி அமைகிறது:

```
<target><g id="3">முன்னேற்றச் சாளரம்</g> மூடும் வரை
<x id="2"/> சாதனத்தை அகற்ற <g id="1">வேண்டாம்</g>.</target>
```

வரிசை மூன்று, இரண்டு, ஒன்று என்று முழுக்கத் திரும்பிவிட்டது. ஆனால் எதுவும் தொலையவில்லை. மூன்று அடையாளங்களும் இருக்கின்றன, திறந்தவை மூடியிருக்கின்றன, தடித்த எழுத்து தடைச் சொல்லின் மேல் விழுகிறது, இணைப்பு சாளரத்தின் பெயரின் மேல் இருக்கிறது. டேக்கைக் காப்பது என்று நான் சொல்வது இதைத்தான்.

வரிசை மாறக் கூடாது என்ற தாளைக் கையில் வைத்திருப்பவர் என்ன செய்வார்? இரண்டு வழிகள்தான் இருக்கின்றன. ஒன்று, வாக்கியத்தை வளைப்பது. ‘அகற்ற வேண்டாம்’ என்று தொடங்கி, சாதனத்தின் பெயரைப் பின்னால் ஒட்டி, ‘முன்னேற்றச் சாளரம் மூடும் வரை’ என்று தொங்கவிட்டு முடிப்பது. பேச்சில் சிலசமயம் அப்படிச் சொல்வோம். எழுத்தில், அதுவும் எச்சரிக்கையில், அது பாதியில் நின்ற வாக்கியமாகப் படும். இரண்டாவது வழி இன்னும் மோசமானது. வாக்கியத்தைச் சரியான தமிழில் எழுதிவிட்டு, டேக்குகளை மட்டும் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாகச் செருகுவது. அப்போது தடித்த எழுத்து ‘முன்னேற்றச்’ என்ற சொல்லின் மேல் விழும், இணைப்பு ‘வேண்டாம்’ என்பதன் மேல் விழும். பயனர் தடைச் சொல்லை அழுத்தினால் ஒரு சாளரம் முன்னால் வரும். எண்ணிக்கை சரி, வரிசை சரி, சரிபார்ப்புக் கருவி பச்சை காட்டும்.

இந்த இரண்டாவது வழியைச் சோம்பேறிகளின் வேலை என்று ஒதுக்கிவிட முடியாது. தாளில் எழுதியிருப்பதை எழுத்துப் பிசகாமல் செய்கிறவர்தான் அங்கே போய் நிற்கிறார். விதியே அவரை அங்கே தள்ளுகிறது. அதனால்தான் எனக்கு இதில் இவ்வளவு ஆதங்கம்.

அப்படியானால் இந்த விதியை ஏன் இத்தனை பேர் உறுதியாகப் பிடித்திருக்கிறார்கள்? ஒரு காரணம், கோப்பைத் திரும்பப் பெற்றுக்கொள்பவருக்குத் தமிழ் தெரியாது. இருபது முப்பது மொழிகளில் கோப்புகள் வந்து குவியும்போது அவரால் வாக்கியங்களைப் படிக்க முடியாது. டேக்குகளை எண்ணலாம், வரிசையை ஒப்பிடலாம். தன்னால் எதைச் சோதிக்க முடியுமோ அதைத் தரத்தின் அளவுகோலாக அவர் வைத்துக்கொள்கிறார். அவர் இடத்தில் இருந்து பார்த்தால் இது புரிகிறது. ஆனால் அவருடைய வசதிக்காக வந்த ஓர் அளவுகோலைத் தமிழ் மொழிபெயர்ப்பாளர்களாகிய நாமே இலக்கணம்போல எடுத்துக்கொண்டு, அடுத்த தலைமுறைக்குப் போதிப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

இரண்டாவது காரணம் உண்மையான ஓர் அச்சம். அதற்கு நேராகப் பதில் சொல்ல வேண்டும். எல்லா மாறிகளும் `x` போன்ற டேக்காக வருவதில்லை. ஆப்பிள் கருவியான எக்ஸ்கோடிலிருந்து ஏற்றுமதியாகும் எக்ஸ்லிஃப் கோப்புகளில் `%@`, `%d` போன்றவை வெறும் எழுத்தாக வாக்கியத்துக்குள்ளேயே நிற்கும். அவற்றுக்கு அடையாளம் இல்லை. நிரல் அவற்றை இடத்தை வைத்தே நிரப்புகிறது: முதலில் வருவதற்கு முதல் மதிப்பு, அடுத்ததற்கு இரண்டாவது. ஒன்று சொற்களையும் மற்றது முழு எண்ணையும் எதிர்பார்க்கும்போது அவற்றை இடம் மாற்றி வைத்தால், எண் வர வேண்டிய இடத்தில் வேறேதோ வந்து செயலியே நின்றுபோகலாம். அப்படி ஒருமுறை நின்றுபோனதைப் பார்த்த பொறியாளர் ‘எதையும் நகர்த்தாதீர்கள்’ என்று சொன்னால் அவரைக் குறைகூற முடியாது.

ஆனால் அந்த இடத்திலும் நகர்த்தாமல் விடுவது தீர்வல்ல என்பதை இந்த வாக்கியம் காட்டும்:

```
%d of %d files copied
```

பத்துக் கோப்புகளில் மூன்று முடிந்திருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் முதல் எண் முடிந்தவை, இரண்டாவது எண் மொத்தம். தமிழில் மொத்தம்தான் முதலில் வரும். மொழிபெயர்ப்பாளர் இயல்பாக எழுதிவிட்டு மாறிகளை அப்படியே விட்டால் ‘%d கோப்புகளில் %d நகலெடுக்கப்பட்டன’ என்று ஆகும். திரையில் வருவது: 3 கோப்புகளில் 10 நகலெடுக்கப்பட்டன. எண்ணிக்கைச் சோதனை இதைப் பிடிக்காது, வரிசைச் சோதனையும் பிடிக்காது, ஏனென்றால் இரண்டு மாறிகளும் ஒரே உருவம் கொண்டவை. விதியை மீறியதால் வந்த பிழை அல்ல இது. விதிக்கு முழுக்கக் கட்டுப்பட்டதால் வந்தது. சரியான வழி, எந்த மதிப்பு எங்கே போக வேண்டும் என்று எண்ணிட்டுச் சொல்வது:

```
%2$d கோப்புகளில் %1$d நகலெடுக்கப்பட்டன
```

எண்ணிட்ட மாறி என்ற இந்த வசதி பல மொழிகள் இடம் மாற்றிக்கொள்வதற்காகவே இருக்கிறது. நிரல் இரண்டாவது மதிப்பை முதலில் எடுத்து வைக்கும், எந்தத் தடங்கலும் வராது. ஆகவே பொறியாளரின் அச்சத்திலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு: அடையாளம் இல்லாத ஒன்றை அடையாளம் இல்லாமலேயே நகர்த்தாதே. முதலில் எண்ணிடு, பிறகு நகர்த்து.

காப்பது என்பதில் எங்கே சிறிதும் விட்டுக்கொடுக்க முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் நான் கட்டுப்பாடே வேண்டாம் என்பதுபோல் ஆகிவிடும். அடையாளம் எழுத்துப் பிசகாமல் இருக்க வேண்டும், டேக்கைக் கையால் தட்டச்சு செய்யாமல் கருவியின் வழியாகவே செருக வேண்டும், திறந்தது மூடப்பட வேண்டும். இதில் கடைசி விஷயம் கோப்புக்குக் கோப்பு வேறுபடும். `g` டேக் தன் உள்ளடக்கத்தைச் சுற்றி நிற்பது, எனவே அதைத் தப்பாகப் பின்னினால் எக்ஸ்எம்எல் இலக்கணமே உடைந்து, கோப்பு திறக்காது. பிழை உடனே தெரிந்துவிடும். ஆனால் ஆங்குலர் கட்டமைப்பில் `ng extract-i18n` கட்டளை தரும் கோப்பில் இணைப்பின் தொடக்கமும் முடிவும் இரண்டு தனித்தனி வெற்று டேக்குகளாக இருக்கும்:

```
<x id="START_LINK"/>terms<x id="CLOSE_LINK"/>
```

இங்கே முடிவைத் தொடக்கத்துக்கு முன்னால் வைத்தாலும் எக்ஸ்எம்எல் பார்வையில் கோப்பு சரியானதே. மூலத்தில் இரண்டு இணைப்புகள் இருந்து, ஒன்றின் தொடக்க டேக்கை மற்றதன் இடத்தில் வைத்துவிட்டாலும் அதுவே நிலைமை. கோளாறு திரையில்தான் வெளிப்படும். ஆகவே இத்தகைய கோப்புகளில் இணை டேக்குகளைத் தனித்தனியே நகர்த்தும் பழக்கமே கூடாது. சொல்லையும் அதன் இரு பக்க டேக்குகளையும் சேர்த்தே தேர்ந்தெடுத்து நகர்த்த வேண்டும். வரிசை மாறியதா என்று பார்ப்பதில் செலவழியும் கவனம் இங்கே போயிருந்தால் எவ்வளவோ பயன்பட்டிருக்கும்.

இன்னொரு சிக்கல் தமிழ் எழுத்தோடு தொடர்புடையது. ஆங்கிலத்தை மனத்தில் வைத்து எழுதிய எந்த அறிவுறுத்தலும் அதைத் தொடுவதில்லை. நம் வேற்றுமை உருபுகள் பெயரோடு ஒட்டி நிற்பவை. ஆங்கிலத்தில் தனிச் சொல்லாக டேக்குக்கு வெளியே நிற்பது தமிழில் டேக்குக்குள் இருக்கும் சொல்லோடு வந்து சேர்கிறது. ‘டேக் மூலத்தில் எந்தச் சொல்லைச் சுற்றியதோ அதை மட்டுமே சுற்ற வேண்டும்’ என்ற விதியை இங்கே கண்டிப்பாகப் பிடித்தவர்கள் உருபைப் பிய்த்து வெளியே வைக்கிறார்கள். ‘கோப்பு’ என்ற சொல்லுக்கு இரண்டாம் வேற்றுமை ‘கோப்பை’. அதைப் பிரித்து வைத்தால் இப்படி ஆகிறது:

```
<g id="1">கோப்ப</g>ை
```

டேக்கின் இந்தப் பக்கம் ‘ப’ என்ற மெய்யெழுத்தின் வடிவம், அந்தப் பக்கம் ஐகாரத்தின் குறி. யூனிகோடில் ஐகாரக் குறி, U+0BC8, மெய்க்குப் பின்னால் சேமிக்கப்பட்டாலும் திரையில் மெய்க்கு முன்னால் வர வேண்டியது. எழுத்துகளைக் கோத்து உருவம் தரும் நிரல் இரண்டையும் ஒன்றாகப் பார்த்தால்தான் அது நடக்கும். நடுவில் எழுத்துரு மாறினால், தடிமன் மாறினால், எழுத்து அங்கே துண்டாகும். மெய் தனியே நிற்கும், குறி ஒரு புள்ளியிட்ட வட்டத்தைத் தாங்கிக்கொண்டு பக்கத்தில் நிற்கும். சில உலாவிகள் சமாளித்து ஒட்டிக் காட்டிவிடும். அப்போதும் ஒரே எழுத்தில் பாதிக்கு ஒரு நிறமும் பாதிக்கு வேறு நிறமும் வரலாம். ஓர் உயிர்மெய்யின் நடுவே டேக் நிற்பதற்கு எந்தச் சூழலிலும் இடம் கொடுக்கக் கூடாது.

சரி, உருபு எங்கே போக வேண்டும்? அதற்கு ஒரே பதில் கிடையாது, டேக் எதற்காக இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ‘அமைப்புகள்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். அது வெறும் இணைப்பாகவோ அழுத்தமாகவோ இருந்தால் உருபோடு சேர்த்து முழுச் சொல்லையும் டேக்குக்குள் வைக்கலாம்: ‘அமைப்புகளுக்குச்’ என்பது முழுவதும் இணைப்பு, ‘செல்லவும்’ வெளியே. படிப்பவருக்கு எந்த உறுத்தலும் இல்லை. ஆனால் அந்தத் தடித்த எழுத்து, பட்டியலில் இருக்கும் ஒரு பெயரை அப்படியே சுட்டுவதாக இருந்தால் பயனர் திரையில் ‘அமைப்புகளுக்குச்’ என்ற சொல்லைத் தேடமாட்டார். ‘அமைப்புகள்’ என்பதைத்தான் தேடுவார். அங்கே பெயரைத் தொடாமல் உள்ளே விட்டு, உருபைச் சுமக்க ஒரு துணைச் சொல்லை வெளியே கொண்டுவர வேண்டும்:

```
<target><g id="1">அமைப்புகள்</g> பகுதிக்குச் செல்லவும்.</target>
```

மூலத்தில் இல்லாத சொல் எப்படி வந்தது என்று கேட்பவர்கள் உண்டு. இந்தச் சொல் எதையும் புதிதாகச் சேர்க்கவில்லை. டேக்குக்குள் இருக்கும் பெயரைச் சிதைக்காமல் தமிழ் வாக்கியத்தை முடிக்க வேறு வழி இல்லை.

மாறிகளில் இந்தத் துணைச் சொல்லின் தேவை இன்னும் கூடுகிறது. `<x id="2"/>க்கு` என்று எழுதுகிறவர் மனத்தில் ஒரு பெயர் இருக்கும்: ரவி என்றோ மதுரை என்றோ. ரவிக்கு, மதுரைக்கு என்று பொருந்திவிடும். அதே இடத்தில் முருகன் வந்தால் ‘முருகன்க்கு’ என்றும், கலா வந்தால் ‘கலாக்கு’ என்றும் திரையில் வரும். முருகனுக்கு என்பதில் உகரம் வேண்டும், கலாவுக்கு என்பதில் வகரமும் வேண்டும். பெயர் எதில் முடியும் என்று மொழிபெயர்ப்பவருக்கு முன்கூட்டியே தெரியாது. ஆகவே ஆளின் பெயர் வரும் இடத்தில் மாறிக்குப் பின் இடைவெளி விட்டு ‘என்பவருக்கு’ என்றோ ‘அவர்களுக்கு’ என்றோ எழுதுவதும், கோப்பின் பெயர் வரும் இடத்தில் ‘என்ற கோப்பை’ என்று எழுதுவதும் பாதுகாப்பானவை. மேலே எச்சரிக்கை வாக்கியத்தில் ‘சாதனத்தை’ என்ற சொல் மாறிக்குப் பின்னால் நிற்பதும் இதே காரணத்தால்தான்.

எதிர்த்தரப்பில் இரண்டு வாதங்களை அடிக்கடி கேட்கிறேன். முதலாவது, வரிசை மாறினால் மொழிபெயர்ப்பு நினைவகம் கெட்டுவிடும், அடுத்த பதிப்பில் பழைய மொழிபெயர்ப்பு பொருந்தாது என்பது. நினைவகம் புதிய மூல வாக்கியத்தைப் பழைய மூல வாக்கியத்தோடு ஒப்பிடுகிறது. தமிழ் வாக்கியத்தில் டேக் எங்கே இருக்கிறது என்பது அந்த ஒப்பீட்டில் வருவதே இல்லை. மூலம் ஒன்றாக இருந்தால் தமிழ் தன் டேக் வரிசையோடு அப்படியே திரும்ப வரும். உண்மையில் இந்த வாதம் எதிர்ப்பக்கம் திரும்புகிறது: தப்பான சொல்லில் இணைப்பு விழுந்த ஒரு வாக்கியம் நினைவகத்தில் ஏறிவிட்டால் முழுப் பொருத்தம் என்ற பெயரில் ஒவ்வொரு பதிப்பிலும் யாரும் பார்க்காமலே திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கும்.

இரண்டாவது வாதம் அதற்கு நேரெதிர் முனையிலிருந்து வருவது. தமிழில் டேக் இவ்வளவு தொல்லை தருகிறதென்றால் தடித்த எழுத்துகளை எடுத்துவிடலாமே, பொருள் போய்விடாதே என்கிறார்கள். இணைப்பு டேக்கை எடுத்தால் பயனர் போக வேண்டிய பக்கத்துக்கு வழியே இல்லாமல் போகிறது என்பதை எல்லாரும் ஒப்புக்கொள்வார்கள். தடித்த எழுத்து விஷயத்தில்தான் தயக்கம். மேற்படி எச்சரிக்கையில் தடித்திருப்பது தடைச் சொல். அவசரத்தில் வாக்கியத்தை முழுக்கப் படிக்காதவர் கண்ணில் அந்த ஒரு சொல்லாவது பட வேண்டும் என்பதற்காக ஒருவர் யோசித்து வைத்தது. தமிழில் படிப்பவருக்கு மட்டும் அது வேண்டாம் என்று முடிவு செய்ய மொழிபெயர்ப்பவருக்கு உரிமை இல்லை. அழுத்தம் தமிழில் இரண்டு சொற்களில் பிரிந்து வந்தால், உதாரணமாக ‘ஒருபோதும் பகிர வேண்டாம்’ என்பதில் முதலும் கடைசியும் சேர்ந்துதான் ஆங்கிலத்தின் ஒற்றைச் சொல்லுக்கு ஈடாகின்றன என்றால், மூன்று சொற்களையும் ஒரே டேக்குக்குள் வைத்துவிடலாம். நகலெடுக்க அனுமதி இருந்தாலும் டேக்கை இரண்டாக்குவதைவிட இது எளிது, கருவிகளும் முணுமுணுக்காமல் ஏற்கும்.

வரிசையைச் சோதிக்காவிட்டால் வேறு எதைச் சோதிப்பது என்ற கேள்வி நியாயமானது. மூலத்தில் உள்ள அடையாளங்களும் தமிழில் உள்ள அடையாளங்களும் ஒன்றுவிடாமல் பொருந்துகின்றனவா என்பதை எந்தக் கருவியும் பார்க்கும், அது தொடரட்டும். அதற்கு மேல் நான் பயன்படுத்துவது ஓர் இருபக்கப் பட்டியல். ஒவ்வொரு இணை டேக்குக்குள்ளும் மூலத்தில் என்ன இருந்தது, தமிழில் என்ன இருக்கிறது என்பதை மட்டும் பிரித்தெடுத்துப் பக்கத்தில் பக்கமாக வைப்பது:

```
g1   not                    வேண்டாம்
g3   the progress window    முன்னேற்றச் சாளரம்
```

முழு வாக்கியங்களைப் படிக்க வேண்டியதில்லை. இந்தப் பட்டியலில் ஓர் ஓட்டம் ஓடினாலே ‘not’ என்பதற்கு நேராக ‘முன்னேற்றச்’ என்று நிற்கும் வரி கண்ணில் குத்தும். வரிசைச் சோதனை பச்சை காட்டி அனுப்பிவிட்ட பிழைகள் இங்கேதான் அகப்படுகின்றன. இதைப் பார்க்கத் தமிழ் தெரிந்த ஒருவர் வேண்டும் என்பது உண்மை. வேறு எப்படி இருக்க முடியும்?

தமிழ் எழுத்துக்கான இரண்டு சோதனைகளைத் தேடல் கோவைகளாகவே வைத்துக்கொள்ளலாம்:

```
>[\u0BBE-\u0BCD\u0BD7]
/>[\u0B85-\u0BB9]
```

முதலாவது, டேக் முடிந்த உடனே உயிர்க்குறியோ புள்ளியோ வரும் இடங்களைப் பிடிக்கும். அதில் அகப்படும் ஒவ்வொன்றும் பிழைதான், யோசிக்கவே வேண்டாம். இரண்டாவது, வெற்று டேக்கை ஒட்டி இடைவெளியில்லாமல் தமிழ் எழுத்து தொடங்கும் இடங்களைக் காட்டும். `க்கு`, `ஐ`, `இல்` என்று மாறியோடு ஒட்டிய உருபுகள் அதில் வந்துவிடும். ஆங்குலர் கோப்புகளில் இணைப்பின் தொடக்க டேக்குகளும் இதில் சேர்ந்து வரும் என்பதால் இரண்டாவது பட்டியலைக் கண்ணால் பார்த்துத்தான் கழிக்க வேண்டும்.

உண்மையாகவே நகர்த்தக் கூடாத டேக்குகளும் இருக்கின்றன. `canReorder` பண்பில் `firstNo` என்று ஒன்றும், அதைத் தொடர்ந்து `no` என்று மற்றவையும் வந்தால் அவை தமக்குள் வரிசை மாறக் கூடாத ஒரு தொடர். அந்தத் தொடரின் டேக்குகளை நீக்கவோ நகலெடுக்கவோ கூடாது என்றும் தரநிலை சொல்கிறது. அப்போதும் கட்டுப்பாடு அவற்றின் உள்வரிசைக்குத்தான், சுற்றியுள்ள சொற்களுக்கு அல்ல. அதேபோல, ஒரு டேக் ஒரு செக்மென்டில் திறந்து அடுத்த செக்மென்டில் மூடினால் அதை அந்த எல்லையைத் தாண்டி இழுக்கக் கூடாது. இத்தகைய இடங்களில் தமிழ் வாக்கியம் அமையவே மறுத்தால் வளைத்து ஒப்பேற்றுவதைவிட மூலத்தை எழுதியவரிடம் திருப்பி அனுப்புவதே சரி. அதற்கு எக்ஸ்லிஃபிலேயே `note` என்ற இடம் இருக்கிறது. ‘தமிழில் சரியாக வரவில்லை’ என்று அங்கே எழுதிப் பயனில்லை. எந்த டேக், எதற்கு முன்னால் வர வேண்டும், ஏன் என்று பொறியாளருக்குப் புரியும்படி எழுத வேண்டும்: ‘இந்த வாக்கியத்தில் இரண்டாவது மதிப்பு முதலில் வர வேண்டும், மாறிகளுக்கு எண் கொடுங்கள்’ என்றோ, ‘இந்த இரண்டு செக்மென்டுகளையும் ஒரே வாக்கியமாகச் சேர்த்து மறுபடி ஏற்றுமதி செய்யுங்கள், வினை இரண்டாவது பாதியில் இருப்பதால் இணைப்பு அங்கே போக வேண்டும்’ என்றோ. அப்படி எழுதினால் பொறியாளர் செய்ய வேண்டியது மூலத்தில் ஒரு வரியைத் திருத்துவதுதான். வினை கடைசியில் வரும் ஜப்பானியம், கொரியம், இந்தி மொழிபெயர்ப்பாளர்களுக்கும் அதே திருத்தம் உதவும்.